உடன் பணிபுரிவோருக்குப் பேச்சுத் தமிழ்: கெலாங் பாத்தா சூழலில் தொடர்வழிப் பாடத்திட்டம்

களமும் கேள்வியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கெலாங் பாத்தா, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூராக நெடுங்காலம் இருந்தது. 1998இல் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியோடு இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011இல் எடுசிட்டி வளாகத்தில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கிளையும், மறு ஆண்டு சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் கிளையும் வந்தன. தோட்டத்தொழிலாளர் வழிவந்த தமிழர்கள் இன்று இவ்வட்டாரத்தின் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் துறைமுகப் பணிகளிலும் வெளிநாட்டவரோடும் மலாய், சீன மலேசியரோடும் ஒன்றாக வேலை செய்கிறார்கள்.

இந்தச் சக ஊழியர்களில் சிலர் தமிழ் பேசக் கற்க விரும்பும்போது, அவர்களுக்கு ஏற்ற வகுப்பு பெரும்பாலும் இயங்கலையில்தான் அமையும். ஒருவர் மாறுநேர வேலையில் இருப்பார், இன்னொருவர் மாலையில் பாலத்தின் நெரிசலில் நிற்பார். இத்தகையோருக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்ற அளவே நடைமுறைக்கு ஒத்துவரும். பத்து வாரத்தில் அது 15 மணி நேரம் ஆகும். எழுத்து, இலக்கணம், செய்யுள் என்று பள்ளி வழியில் தொடங்க அந்த நேரம் போதாது. ஆகவே பயன்படும் தொடர்களை முழுமையாகக் கற்பிக்கும் முறை இயல்பாகவே தெரிவாகிறது. அந்தத் தொடர்களை எந்த அடிப்படையில் தேர்வது, தமிழின் இலக்கண அமைப்பு தொடர்வழிக் கற்பித்தலுக்கு எந்த அளவு இடம் தருகிறது, அது எங்கே நின்றுவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டக் காலத்துத் தொடர் நூல்கள்

இவ்வட்டாரத்தில் வெளிநாட்டவர் தொடர்களாகத் தமிழ் கற்றது புதிதன்று. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த இளம் ஆங்கிலேயத் துரைகளுக்காகக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கையடக்க நூல் வெளியாயிற்று. அதன் தலைப்பு ‘இங்கே வா’. சின்னத்துரைக்கான தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் என்பவர் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்காக எழுதிய ‘கூலித் தமிழ்’ இதே மரபில் வந்தது. இலங்கையில் தொழில் பழகியவர்கள் பலர் மலாயாவுக்குப் பெயர்ந்தபோது அந்த மரபும் உடன் வந்தது. 1919இல் உருவான தோட்டக்காரர் சங்கம் மலாயாவில் துரைகளுக்குத் தமிழ்த் தேர்வுகளை நடத்தியது.

கற்பித்தல் முறை என்ற அளவில் இந்நூல்களுக்கு ஒரு தகுதி உண்டு. எழுத்து வழக்கை ஒதுக்கிவிட்டு, தோட்டத்தில் காதில் விழுந்த பேச்சையே அவை பாடமாக எடுத்துக்கொண்டன. பண்டிதர்கள் இழிவழக்கு என்று தள்ளிய பேச்சைக் கற்பிக்கத்தக்கதாகக் கண்டது அந்தக் காலத்தில் எளிய செயல் அல்ல. ஆனால் அவற்றின் நோக்கம் வேலை வாங்குவது. ‘வா, போ, எடு, வெட்டு’ என்ற ஏவல் ஒருமையை மனப்பாடம் செய்த துரைக்கு, தன் வயதில் மூத்த கங்காணியிடமும் அதே வடிவம்தான் வாயில் வந்தது. தொடராகக் கற்ற ஒன்றை, கற்றவர் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வதில்லை. அத்தொடருக்குள் எந்த உறவு பொதிந்திருக்கிறதோ அதுவே அவரோடு நின்றுவிடுகிறது. ஒருமை ஏவலை முதலில் கற்பித்து ‘ங்க’ சேர்ப்பதைப் பிறகு சொல்லலாம் என்று எண்ணும் இன்றைய ஆசிரியரும் அதே விளைவைத்தான் பெறுவார். உடன் பணிபுரிவோருக்கான பாடத்தில் ‘வாங்க, சொல்லுங்க, குடுங்க’ என்பவையே அடிப்படை வடிவங்கள். ‘வா’ என்பதைப் பத்து வாரமும் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், பேசத் தேவையில்லை.

எந்தப் பேச்சுத் தமிழ்

சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின், எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இருவேறு பணிகளுக்குரியவை என்பது மொழியியலில் நிலைபெற்றது. பேச்சு வழக்குகள் பலவாயிற்றே, எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு ஹெரால்டு ஷிப்மன் தந்த விடை பொதுப் பேச்சுத் தமிழ். வெவ்வேறு ஊர், சாதியைச் சேர்ந்த படித்தவர்கள் ஒன்றாகப் பேசும்போதும், திரைப்படம், நாடக உரையாடல்களிலும் உருவாகிவந்த பொது வடிவம் அது. அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1999இலும், ஆஷரும் அண்ணாமலையும் எழுதிய பாடநூல் 2002இலும் வெளிவந்தன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வைத் தொடர்ந்து, பேச்சுத் தமிழ் பள்ளி வகுப்பறைக்குள் முறையாகவே நுழைந்தது.

கெலாங் பாத்தாவில் கற்பவருக்கும் பொதுப் பேச்சுத் தமிழே அடித்தளமாக இருக்கலாம். மலாயாவுக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சியும் தஞ்சாவூரும் முக்கியமானவை என்பதால், மலேசியத் தமிழின் வினை வடிவங்கள் அதிலிருந்து பெரிதும் விலகுவதில்லை. விலகல் சொற்களிலும் வழக்கங்களிலும் இருக்கிறது. காலையில் சந்திப்பவரிடம் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பது இங்கே உயிரோடு இருக்கும் வழக்கு. ‘காடி’ என்றால் கார், ‘பாசார்’ என்றால் சந்தை. வாக்கியத்தின் இறுதியில் ‘லா’ ஒட்டிக்கொள்ளும். சென்னையில் பதிவான ஒலிக்கோப்பை மட்டும் கேட்டுப் பழகியவர் அலுவலகத்தின் தேநீர் வேளையில் திணறிப்போவார். இலக்கண அடித்தளம் பொதுவானதாகவும், பதிவுக் குரல்கள் ஜொகூர்க்காரர்களுடையவையாகவும் இருப்பதே சரி.

முறைச்சொல்லில் மலாய்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. மூத்த பெண்ணைக் ‘காக்’ என்றும் மூத்த ஆணை ‘அபாங்’ என்றும் அழைத்துப் பழகிய அவருக்கு ‘அக்கா’, ‘அண்ணே’ என்பவற்றை விளக்கவே வேண்டாம். ஆங்கிலம் பேசுவோருக்கு அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சில வாரங்களுக்கு எல்லாரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆங்கில வழக்கத்தில் வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘தயவுசெய்து’ சேர்க்க விரும்புவார். பேச்சுத் தமிழில் பணிவை ‘ங்க’வும், ‘கொஞ்சம்’ என்ற சொல்லும், கேள்வி வடிவமும் தாங்குகின்றன. ‘கொஞ்சம் சொல்லுங்க’ என்றாலே போதுமான மரியாதை வந்துவிடும்.

எந்தத் தொடர்கள் முதலில்

பயணிகளுக்கான அடிப்படைத் தொடர் பட்டியல் ஒன்றைப் பால் நேஷனும் டேவிட் கிராப்பும் 1991இல் தொகுத்தார்கள். அது ஏறத்தாழ 120 சொற்களும் தொடர்களும் கொண்டது. வணக்கம், விலை, வழி, உணவு என்று தேவைவாரியாக அது பிரிந்திருக்கும். ஒரு வாரம் தங்கிப் போகிறவருக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தேவைப் பட்டியல் மட்டும் போதாது, ஒரு தொடரிலிருந்து இன்னொன்று பிறக்கும் வழியும் வேண்டும். அதற்குத் தமிழ் வினையின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

வழக்கமான பாடநூல் ‘நான் போறேன், நீ போற, அவரு போறாரு’ என்று இடம், எண், பால் காட்டும் விகுதிகளோடு தொடங்கும். ஒரு வினைக்கு ஒரு காலத்திலேயே ஒன்பது வடிவங்கள் வந்துவிடுகின்றன. வேலையிடத்தில் மிகுதியாகத் தேவைப்படும் பேச்சு அந்த வாய்பாட்டைச் சாராதது. வேண்டுவது, அனுமதி கேட்பது, இயலாமை சொல்வது, தடுப்பது, மறுப்பது ஆகிய அனைத்தையும் தமிழ் ‘போக, வர, சொல்ல’ என்ற செய என்னும் வாய்பாட்டு எச்சத்தின்மீது கட்டுகிறது. அங்கே ஆளுக்கேற்ப விகுதி மாறுவதில்லை. ‘வரணும், வரலாமா, வர முடியுமா, வர வேணாம், வரக் கூடாது, வரல, வரட்டுமா’ என்ற ஏழும் யாரைப் பற்றிச் சொன்னாலும் வடிவத்தில் மாறுவதில்லை.

தொடர்வழிக் கற்பித்தலுக்குத் தமிழ் தரும் பெரிய வாய்ப்பு இதுதான். பன்னிரண்டு வினைகளின் எச்ச வடிவத்தை மட்டும் கற்றால் போதும்: போக, வர, பாக்க, கேக்க, சொல்ல, பேச, குடுக்க, எடுக்க, வைக்க, செய்ய, அனுப்ப, உக்கார. ஏழு ஈறுகளோடு சேரும்போது 84 வடிவங்கள் கைக்கு வருகின்றன. எல்லாமே சம அளவில் பயன்படும் என்பதில்லை. ஆனாலும் கற்பவர் மனப்பாடம் செய்வது 19 உருப்படிகளையே. எச்ச வடிவத்தை விதியாகச் சொல்லித் தர முயல்வது வீண்வேலை. ‘போ’ ‘போக’ ஆகிறது, ‘எடு’ ‘எடுக்க’ ஆகிறது, ‘வா’ ‘வர’ ஆகிறது. பன்னிரண்டையும் அப்படியே சொல்லாகக் கற்பது விதியைக் கற்பதைவிட விரைவானது.

இங்கே வழக்கமாக வரும் பிழை வினையில் அல்ல, அதற்கு முன்னால் வரும் ‘நான்’ என்பதில் இருக்கும். ‘நான் வரணும்’ சரி. ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்பதில் ‘நான்’ நான்காம் வேற்றுமைக்குப் போகிறது. ‘என்னால வர முடியாது’ என்பதில் மூன்றாம் வேற்றுமை வருகிறது. ‘நான் தண்ணி வேணும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தொடரை முழுமையாகக் கற்கவில்லை, தன் மொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் கட்டுகிறார் என்று ஆசிரியர் உடனே அறியலாம். வேற்றுமை விளக்கம் தருவது அதற்குத் தீர்வாகாது. ‘எனக்கு வேணும்’, ‘என்னால முடியாது’ என்பவற்றைப் பிரிக்கவே இடமில்லாத ஒற்றை உருப்படிகளாக முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். அந்தச் சூழலில் ‘எனக்கு’ இல்லாமல் வெறும் ‘தண்ணி வேணும்’ என்றாலும் தமிழில் அது நிறைவான பேச்சே.

ஒரு பாடத்தின் அமைப்பு

நான்காம் வாரத்தில் வரக்கூடிய ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் நான்கு பேர். சூழல், ஒரு சந்திப்புக்கு நேரம் குறிப்பது. புதிய தொடர்கள் ஐந்து:

இப்ப வரலாமா?
கொஞ்சம் இருங்க.
எத்தன மணிக்கு வரணும்?
மூணு மணிக்கு வாங்க.
இன்னைக்கு முடியாது, நாளைக்குப் பாக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் பழைய தொடர்களுக்கு. ஆசிரியர் சூழலைச் சொல்வார், கற்பவர் தொடரைச் சொல்வார். அடுத்த எட்டு நிமிடம் கேட்டல் மட்டுமே. உள்ளூர்க் குரல்கள் இரண்டு பேசும் இருபது வினாடி உரையாடல் மூன்று முறை ஒலிக்கும், திரையில் எழுத்து எதுவும் இராது. யார் யாரைச் சந்திக்கப் போகிறார், எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ஆங்கிலத்திலோ மலாயிலோ விடை பெறப்படும்.

பத்து நிமிடம் ஒலிப்புப் பயிற்சி. இதில் தொடரைக் கடைசியிலிருந்து கட்டுவது நல்லது: ‘வரணும்’, ‘மணிக்கு வரணும்’, ‘எத்தன மணிக்கு வரணும்?’ தமிழில் வினை இறுதியில் நிற்பதால், கடைசித் துண்டு தனியாகவே பேசக்கூடிய வாக்கியமாக இருக்கிறது, வாக்கியத்தின் இசையும் கலையாமல் வளர்கிறது. முன்னிருந்து கட்டினால் ‘எத்தன’, ‘எத்தன மணிக்கு’ என்று வினையில்லாத துண்டுகளே வாயில் பதியும். ஒரே தொடரை அடுத்தடுத்துப் பத்து முறை சொல்ல வைப்பதிலும் பயனில்லை. பால் பிம்ஸ்லர் 1967இல் முன்வைத்த வரிசைப்படி 5 வினாடி, 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போய்த் திரும்பக் கேட்பது ஒரே வகுப்புக்குள் எளிதாகச் செய்யக்கூடியது.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் இருவர் இருவராகப் பிரிந்து பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நாள் அட்டவணை முன்பே அனுப்பப்பட்டிருக்கும். மற்றவருடையது தெரியாது. இருவருக்கும் பொதுவாக ஓய்வான ஒரே மணி நேரத்தை அவர்கள் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். பின்வரும் ஏழு நிமிடம் பாடத்தில் மிகக் கடினமான பகுதி. கற்பவர் ‘இப்ப வரலாமா?’ என்று கேட்பார். ஆசிரியர் பாடத்தில் இல்லாத ஏதாவது சொல்வார், ‘மீட்டிங்ல இருக்கேன், அப்புறமா கூப்பிடறேன்’ என்பது போல. அதைப் புரிந்துகொள்வது இலக்கன்று. ‘புரியல, மெதுவா சொல்லுங்க’, ‘திரும்பச் சொல்லுங்க’, ‘அப்புறமான்னா எத்தன மணிக்கு?’ என்று உரையாடலை அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வதே இலக்கு. கடைசி மூன்று நிமிடத்தில் வீட்டுப்பாடம் தரப்படும். ஒரு சக ஊழியரோடு உண்மையிலேயே நேரம் குறித்துவிட்டு, நடந்ததைப் புலனத்தில் குரல்பதிவாக ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும்.

கற்றது நிலைத்ததா என்பதை மறு வாரம் ஒரு சிறு சோதனை காட்டிவிடும். ‘மூணு மணிக்கு வாங்க’ என்று சரியாகச் சொல்பவரிடம், நான்கு மணிக்கு ஒன்றாகப் போகலாம் என்ற சூழலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘நாலு மணிக்குப் போகலாம்’ என்பது சில வினாடிக்குள் வந்தால் தொடர் திறந்திருக்கிறது. வராவிட்டால் அது பாட்டு வரியைப் போல ஒரே கட்டியாக உறைந்துவிட்டது. அவருக்குப் புதிய தொடர்கள் தருவதை நிறுத்திவிட்டு, பழைய தொடரின் இடங்களை மாற்றி மாற்றிச் சொல்ல வைப்பதே பயன் தரும்.

மலேசியாவில் இந்த வீட்டுப்பாடத்துக்கு ஒரு தனித் தடை உண்டு. கற்பவர் கொஞ்சம் தயங்கினால் போதும், தமிழ்ச் சக ஊழியர் இரக்கத்தால் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாறிவிடுவார். ‘தமிழ்லயே சொல்லுங்க’ என்ற தொடரை அதனால் முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும். அதோடு ஒரு சக ஊழியரிடம் முன்னதாகவே பேசி, நாளுக்கு மூன்று நிமிடம் தமிழ் தவிர வேறெதுவும் இல்லை என்று உறுதி வாங்கிக்கொண்டால், பயிற்சி ஒவ்வொரு நாளும் நடக்கும்.

திரைவழி வரும் ஒலி

நேரடி வகுப்பில் இல்லாத சில தொல்லைகள் இயங்கலையில் வருகின்றன. அனைவரும் ஒன்றாகத் திரும்பச் சொல்லும் வழக்கமான பயிற்சி இங்கே நடக்காது. ஒவ்வொருவரின் குரலும் வெவ்வேறு தாமதத்தோடு வரும். செயலியும் பெரும்பாலும் ஒரே குரலை மேலே வைத்து மற்றவற்றை அமுக்கிவிடும். ஒருவர் ஒலிக்க, மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வாய்க்குள் சொல்லிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்த வழி.

இதைவிட நுட்பமான சிக்கல் மெல்லொலியில் இருக்கிறது. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் இறுதி ‘ன்’ தனி மெய்யாக ஒலிக்காமல் உயிரை மூக்கொலியாக்கி மறைகிறது. ‘வந்தாள்’ என்பதில் ‘ள்’ மறைந்து ‘வந்தா’ என நிற்கிறது. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு முழுவதையும் அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றே சுமக்கிறது. இரைச்சலை அடக்கும் வசதி இயங்கும்போது அதுதான் முதலில் தேய்ந்துபோகும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, தலையணி ஒலிவாங்கி வைத்துக்கொண்டால் ஓரளவு மீளும். ‘வந்தாரு’, ‘வந்தாங்க’ என்ற மரியாதை வடிவங்கள் எந்த இணைப்பிலும் தெளிவாகக் கேட்கும் என்பது, அவற்றை அடிப்படையாக வைப்பதற்கு இன்னொரு காரணம்.

எழுத்தைப் பொறுத்தவரை, பத்து வாரத்தில் தமிழ் எழுத்தைக் கற்பிக்காமல் ரோமன் எழுத்தில் துணைக்குறிப்பு தருவதே பெரும்பாலான ஆசிரியர்கள் எடுக்கும் வழி. அதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. ‘டீ’ என்ற ரோமன் எழுத்தை மலாய்க்காரர் பல்லில் நா படும்படி, தமிழ்த் தகரத்துக்கு நெருக்கமாக ஒலிப்பார். ஆங்கிலேயர் அதையே அண்பல்லில், டகரத்துக்கு நெருக்கமாக ஒலிப்பார். ஒரே குறிப்பு ஒரே வகுப்பில் இரண்டு பேரை எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் ஆளுக்கு ஒரு முறை சொல்ல வைத்தால் யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடும். தகரத்துக்கும் டகரத்துக்கும் வேறுவேறு குறி வைத்துக்கொள்வதும், குரல்பதிவை இரண்டு முறை கேட்ட பிறகே குறிப்பைத் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கும் இதற்கு உதவும்.

தொடர்கள் நிற்கும் இடம்

எச்ச வடிவத்தின் மீது கட்டிய பேச்சு வேண்டுதலுக்கும் ஏற்பாட்டுக்கும் உதவும். நடந்ததைச் சொல்ல அது உதவாது. அதில் பாதி தூரத்தை ‘ஆச்சு’ கடத்திவிடும். ‘அனுப்பியாச்சு, பாத்தாச்சு, குடுத்தாச்சு, சொல்லியாச்சு’ என்பவையும் ஆளுக்கேற்ப மாறுவதில்லை, வேலை முடிந்ததைச் சொல்ல அலுவலகத்தில் இவை நாள்தோறும் தேவை. ஆனால் நேற்று யார் வந்தார், என்ன சொன்னார் என்று கதையாகச் சொல்லும்போது இறந்தகால விகுதிகள் இன்றியமையாதவை. ‘வந்தேன், போனேன், பாத்தேன், சொன்னேன்’ என்று அடிச்சொல் ஒவ்வொன்றும் வேறு வழியில் மாறுகிறது. அங்கே வினைவகைப் பாகுபாட்டைக் கற்பிப்பதைத் தள்ளிப்போட முடியாது.

கேட்டலில் இந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. கற்பவர் விகுதியில்லாமல் பேசலாம், எதிரே இருப்பவர் அப்படிப் பேசமாட்டார். ‘எங்க வலிக்குது?’ என்று கேட்கக் கற்ற மருத்துவக் கல்வியாளருக்குக் கிடைக்கும் விடை ‘குத்துது’, ‘எரியுது’, ‘குடையுது’, ‘கடுக்குது’ என்று எதுவாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி. கேள்வி தெளிவாக வந்ததாலேயே நோயாளி அவருக்குத் தமிழ் தெரியும் என்று நம்பி வேகமாகப் பேசத் தொடங்குவார். நோயறியும் உரையாடலில் தொடர்வழித் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. நலம் விசாரிக்கவும், ‘உக்காருங்க’, ‘கைய நீட்டுங்க’ என்று சொல்லவும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

ஆகவே பேசுவதற்கு ஒரு பட்டியலும் கேட்பதற்கு வேறொரு பட்டியலும் பாடத்திட்டத்தில் தனித்தனியாக வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்தே ‘வரேன், வராங்க, வந்தாரு, வருவாங்க’ என்பவற்றைக் கேட்டு, பேசுபவர் தன்னைச் சொல்கிறாரா பிறரைச் சொல்கிறாரா, முடிந்ததைச் சொல்கிறாரா வரப்போவதைச் சொல்கிறாரா என்று மட்டும் குறிக்கும் பயிற்சி ஒவ்வொரு வகுப்பின் கேட்டல் பகுதிக்குள்ளும் ஐந்து நிமிடம் நடக்கலாம். அந்த வடிவங்களைப் பேசச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வாரத்தின் முடிவில், உள்ளூர்ச் சக ஊழியர் ஒருவர் வார இறுதியில் தாம் செய்ததைப் பற்றிப் பேசும் ஒரு நிமிடப் பதிவைக் கேட்டு, யார், எப்போது, எங்கே என்பவற்றைச் சொல்ல முடிகிறவர் இறந்தகால விகுதிகளைப் பேசக் கற்கும் அடுத்த நிலைக்குப் போகலாம். முடியாதவருக்கு அடுத்த நிலையைத் தொடங்குவதற்குமுன் மேலும் நான்கு வாரக் கேட்டல் பயிற்சி தேவை.